ரீஃபண்ட் அனுப்பியாச்சு என்கிறார்கள், கணக்கில் காணோம்: எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

கார்டில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. "உங்கள் ரீஃபண்ட் அனுப்பப்பட்டது" என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. வங்கி ஆப்பைத் திறந்தால் ஒன்றும் இல்லை. கடையைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள், வங்கியைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்கிறார்கள். இதில் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கடை தன் பக்கத்தை முடித்திருக்கும், வங்கிக்கு இன்னும் தகவலே வந்திருக்காது. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே கிரெடிட், டெபிட் கார்டில் செலுத்திய பணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அறிகுறிகளுக்குப் போகும் முன் பாதையை ஒருமுறை பார்த்துவிடலாம். இது புரியாமல் மீதியைப் படித்துப் பயனில்லை.

## வாங்கும்போது நொடியில் போன பணம், திரும்பும்போது மட்டும் ஏன் இழுக்கிறது?

உண்மையில் வாங்கும்போதும் பணம் நொடியில் போகவில்லை. நீங்கள் கார்டைக் காட்டியதும் நடந்தது ஒரு அனுமதி மட்டும்தான். கடையின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாக, உங்கள் வங்கியிடம் "இந்தத் தொகைக்கு இருப்பு இருக்கிறதா?" என்று கேட்டது. உங்கள் வங்கி "இருக்கிறது" என்று சொல்லி, அந்தத் தொகையை உங்கள் கணக்கிலேயே ஒதுக்கி வைத்தது. ஆப்பில் 'பெண்டிங்' என்று தெரிந்தது அதுதான். அப்புறம் கடை அன்றைய விற்பனையை மொத்தமாக ஒரு பேட்சாக அனுப்பி, அது நெட்வொர்க்கில் கணக்குத் தீர்ந்து, ஓரிரு நாளில் பணம் நிஜமாகவே கைமாறியது. அதற்குள் நீங்கள் பொருளோடு வீட்டுக்குப் போய்விட்டதால் அந்த இரண்டாவது கட்டம் உங்கள் கண்ணில் படவில்லை.

ரீஃபண்ட் என்பது பழைய பரிவர்த்தனையை ரப்பர் வைத்து அழிப்பது அல்ல. அது எதிர்த் திசையில் போகும் ஒரு புதிய பரிவர்த்தனை. அதற்குப் பல காலமாக அந்த முதல் கட்டமே கிடையாது, நேரே பேட்சில்தான் போகும். இப்போது ரீஃபண்டுக்கும் முன்கூட்டியே அனுமதிச் செய்தி அனுப்பும் முறையை நெட்வொர்க்குகள் கொண்டுவந்திருக்கின்றன. அதனால் சில வங்கி ஆப்களில் ரீஃபண்டும் 'பெண்டிங்' என்று அன்றே தெரிகிறது. ஆனால் அந்தச் செய்தியை வாடிக்கையாளருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது வங்கியைப் பொறுத்தது. காட்டாத வங்கியில், உண்மையான வரவு பதிவாகும் வரை எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் கொடுத்த அதே பணத்தை யாரும் எடுத்துத் திருப்பி அனுப்புவதில்லை. கடையின் வங்கி, கடைக்குத் தர வேண்டிய விற்பனைத் தொகையில் ரீஃபண்டைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. வங்கிகளுக்கு இடையிலும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று கழித்து நிகரத் தொகை மட்டும் போகிறது. உங்கள் ரீஃபண்ட் அந்த நீண்ட பட்டியலில் ஒரு வரி. அந்த வரி உங்கள் வங்கியின் கோப்பில் வந்து சேர்ந்து, உங்கள் கணக்கில் ஏறினால்தான் உங்களுக்குப் பணம். கடையின் கணக்கில் முதல் நாளே கழிந்துவிட்டது, உங்கள் கணக்கில் ஐந்தாம் நாள்தான் வந்தது என்பது இதனால்தான் சாதாரணம்.

## ஒரு கணக்கை நாள்வாரியாகப் பார்ப்போம்

2,400-க்கு ஒரு பொருளை வாங்கித் திருப்பி அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். பொருள் கிடங்குக்கு வந்து சேர்ந்த நாள் 2025 மார்ச் 3, திங்கள். இங்கேயே முதல் தாமதம் தொடங்குகிறது. பெட்டியைத் திறந்து சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது கடையின் வேலை, அதற்கும் வங்கிக்கும் சம்பந்தம் இல்லை. ஒப்புதல் கொடுத்து ரீஃபண்ட் பொத்தானை அழுத்தியது வியாழன் இரவு 9 மணிக்கு, அதாவது மார்ச் 6. மின்னஞ்சல் அந்த நொடியே உங்களுக்கு வந்துவிடும்.

அன்றைய பேட்ச் மாலையிலேயே மூடிவிட்டது. எனவே இது வெள்ளிக்கிழமை பேட்சில் சேர்கிறது. வெள்ளி இரவு கடையின் வங்கி கோப்பை நெட்வொர்க்குக்கு அனுப்புகிறது. நெட்வொர்க் அதைப் பிரித்து உங்கள் வங்கிக்குத் தருகிறது. அடுத்து சனி, ஞாயிறு. அந்த நாள்களில் உங்கள் வங்கி வரவுகளைப் பதிவு செய்யாது என்றால் திங்கள்தான் வேலை தொடங்கும். கோப்பைப் படித்து, கார்டு எண்ணைக் கணக்கோடு பொருத்தி, வரவு வைத்து, ஆப்பில் தெரிய மார்ச் 11 செவ்வாய் ஆகிறது.

மின்னஞ்சலிலிருந்து எண்ணினால் ஐந்து நாள், பொருள் சேர்ந்ததிலிருந்து எண்ணினால் எட்டு நாள். யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை. கடைகள் "5 முதல் 10 வேலை நாள்கள்" என்று போடுவது இதனால்தான். அந்த எண்ணிக்கை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொருளை அனுப்பிய நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் பாதிப் பேர்.

## அறிகுறி 1: வரவும் இல்லை, பழைய செலவையும் காணோம்

பதற வேண்டாம். பெரும்பாலும் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடை பேட்சை அனுப்புவதற்கு முன்பே ஆர்டர் ரத்தானால் ரீஃபண்ட் தேவையே இல்லை. கடை அந்த அனுமதியை விடுவித்துவிடும். ஒதுக்கி வைத்த தொகை மறுபடி உங்கள் இருப்பில் சேரும். இதில் பணம் எங்கும் போகவில்லை, அதனால் திரும்பி வரவும் இல்லை. ஸ்டேட்மெண்டில் செலவு வரியும் இருக்காது, வரவு வரியும் இருக்காது. வரவை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர் வாரக்கணக்கில் தேடுவார்.

சரிபார்ப்பது எளிது. பழைய செலவு 'பெண்டிங்' நிலையில் இருந்ததா, பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பதிவாகாமலே மறைந்திருந்தால் கதை முடிந்தது. ரத்து செய்த பிறகும் பெண்டிங் அப்படியே நிற்கிறதா? அப்படியென்றால் கடை விடுவிப்புச் செய்தியை அனுப்பவில்லை, அல்லது வங்கி அதைப் பொருத்தவில்லை. அப்போது ஒதுக்கீடு தானாகக் காலாவதியாகும் வரை நிற்கும். சாதாரணக் கொள்முதலுக்கு ஒரு வாரம் அளவு, ஹோட்டல், வாடகைக் கார் போன்றவற்றுக்கு ஒரு மாதம் வரைகூட இழுக்கலாம். டெபிட் கார்டில் இது உண்மையிலேயே சங்கடம், ஏனென்றால் முடங்கி நிற்பது உங்கள் சொந்தப் பணம். அவசரம் என்றால் கடையிடம் அனுமதிக் குறியீட்டை வாங்கி, உங்கள் வங்கியை அழைத்து, அந்த ஒதுக்கீட்டை விடுவிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடை தரப்பிலிருந்து உறுதி கிடைத்தால் சில வங்கிகள் செய்து கொடுக்கும்.

## அறிகுறி 2: செலவு பதிவாகியிருக்கிறது, பத்து வேலை நாள் கடந்தும் வரவு இல்லை

இதுதான் உண்மையான சிக்கல். இங்கே கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. கடையிடம் "ரீஃபண்ட் செய்துவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்ற பதில் வரும், அத்துடன் நின்றுவிடும். "இந்த ரீஃபண்டின் ARN என்ன?" என்று கேளுங்கள்.

ARN என்பது கடையின் வங்கி ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் தரும் 23 இலக்க எண். ரீஃபண்ட் அந்த வங்கியில் பேட்சில் ஏறிய பிறகுதான் இந்த எண் பிறக்கும். அதனால் எண் இருக்கிறதா என்பதே பாதி விடை. நம் எடுத்துக்காட்டுக்கு நானே எழுதிய ஒன்றைப் பாருங்கள்:

```
7 412345 5066 00000123456 0
```

இடைவெளிகள் படிக்க வசதியாக நான் போட்டவை, நிஜத்தில் எல்லாம் ஒட்டியே இருக்கும். முதல் இலக்கம் வகைக் குறி. அடுத்த ஆறும் கடையின் வங்கியைக் குறிப்பவை. அதற்கடுத்த நான்கில்தான் நமக்கு வேலை: 5066. முதல் 5 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், அதாவது 2025. 066 என்பது அந்த ஆண்டின் 66-ஆவது நாள். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28, மொத்தம் 59. மீதி 7. ஆக மார்ச் 7. மின்னஞ்சல் மார்ச் 6 என்று சொன்னாலும் ரீஃபண்ட் வங்கிக்குள் நுழைந்தது மார்ச் 7 என்று எண்ணே சொல்லிவிடுகிறது. அதன் பின் வரும் பதினொன்றும் வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்.

இதை வைத்து என்ன செய்வது? மூன்று நிலைமைகள் வரலாம்.

எண்ணே தர முடியவில்லை என்றால் ரீஃபண்ட் கடையின் பக்கத்திலேயே நிற்கிறது. அவர்கள் அமைப்பில் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும், ஆனால் கார்டுப் பணத்தைக் கடைக்கு வாங்கித் தரும் கட்டணச் சேவையில் 'பெண்டிங்' ஆகவே இருக்கும். இதற்கு அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு. ரீஃபண்டுகள் கடைக்கு வர வேண்டிய தொகையிலிருந்துதான் கழிக்கப்படுகின்றன என்று சொன்னேன் அல்லவா? விற்பனை குறைந்த சிறு கடையில் கழிக்கப் பணமே இல்லாவிட்டால், சில கட்டணச் சேவைகள் இருப்பு நிரம்பும் வரை ரீஃபண்டை நிறுத்தி வைக்கும். கடைக்காரர் மனசாட்சியோடு "அனுப்பிவிட்டேன்" என்பார், உங்களுக்கு எதுவும் வராது. அவரிடம் கட்டணச் சேவையின் பக்கத்தைத் திறந்து அந்த ரீஃபண்டின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் பக்கத்தில் உள்ள பச்சை டிக் எதையும் நிரூபிக்காது.

எண் இருக்கிறது, அதில் உள்ள தேதி இரண்டு மூன்று நாள் முந்தையது என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரீஃபண்ட் வழியில் இருக்கிறது.

எண் இருக்கிறது, தேதி இரண்டு வாரம் பழையது என்றால் இப்போது வங்கியை அழைக்கலாம். வெறுமனே "ரீஃபண்ட் வரவில்லை" என்று சொன்னால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் உங்கள் ஸ்டேட்மெண்டைத்தான் பார்ப்பார், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். "இந்த ARN-ஐ வைத்து உள்வந்த கோப்பில் தேடுங்கள்" என்று கேளுங்கள். முதலில் பேசுபவருக்கு அந்த வசதி இல்லாமல் இருக்கலாம், கார்டு செயல்பாட்டுப் பிரிவுக்குப் புகாராக எழுதி எண் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கணக்கோடு பொருந்தாமல் தனியே ஒதுக்கி வைத்த வரவுகளில் உங்களுடையதும் இருக்கலாம்.

## அறிகுறி 3: வந்திருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை

இது நினைப்பதை விட அதிகம். வரவு வரியில் கடையின் விளம்பரப் பெயர் இருக்காது, பதிவு செய்த நிறுவனப் பெயரோ கட்டணச் சேவையின் பெயரோ இருக்கும். சில ஆப்கள் வரவைப் பதிவான நாளில் காட்டாமல் கடை ரீஃபண்ட் செய்த நாளில் காட்டும். மேலே புதிதாக ஒன்றும் இல்லையே என்று நீங்கள் மூடிவிடுவீர்கள், அது ஆறு வரி கீழே உட்கார்ந்திருக்கும். பெயரால் தேடாமல் தொகையால் தேடுங்கள்.

போனைக் காட்டிச் செலுத்தியவர்களுக்கு இன்னொரு குழப்பம். ரசீதில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் உங்கள் கையில் இருக்கும் கார்டோடு ஒத்துப்போகாது. போனில் இருப்பது அந்தக் கார்டுக்கான மாற்று எண். ரீஃபண்ட் "தெரியாத கார்டுக்கு" போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அசல் கார்டின் கணக்குக்கே வரும். ரீஃபண்டுக்காகக் கடைக்கு நேரில் போகிறவர்கள், வாங்கும்போது காட்டிய அதே போனையே காட்டுவது நல்லது. அசல் கார்டைக் காட்டினால் கடையின் கருவிக்கு இரண்டும் வேறு வேறு எண்ணாகத் தெரியும்.

## அறிகுறி 4: தொகை குறைவாக வந்திருக்கிறது

ஒரே நாணயத்தில் வாங்கியிருந்தால் காரணம் வங்கியில் இருப்பது அரிது, கடையில்தான் இருக்கும். அனுப்பும் கட்டணத்தைப் பிடித்திருப்பார்கள். அல்லது ஒரு பகுதியைக் கூப்பனிலோ கடையின் வாலட்டிலோ செலுத்தியிருப்பீர்கள், அந்தப் பகுதி அங்கேயே திரும்பியிருக்கும்.

வேறு நாணயத்தில் வாங்கியிருந்தால் கணக்கு வேறு. ரீஃபண்ட் புதிய பரிவர்த்தனை என்பதால் அது வந்த நாளின் மாற்று விகிதத்தில்தான் மாற்றப்படும். கடை முழுத் தொகையையும் அனுப்பியிருக்கும், ஆனாலும் உங்களுக்குக் குறைவாகவோ, அதிர்ஷ்டம் இருந்தால் கூடுதலாகவோ வரும். வாங்கியபோது வங்கி பிடித்த அந்நியப் பரிவர்த்தனைக் கட்டணத்தை எல்லா வங்கியும் திருப்பித் தருவதில்லை. இதைக் கடையிடம் கேட்டுப் பயனில்லை.

## அறிகுறி 5: அந்தக் கார்டு இப்போது இல்லை

கார்டு காலாவதியாகி அல்லது தொலைந்து புதியது வந்திருந்தால், பிரச்சினை பெரும்பாலும் இல்லை. கணக்கு அதேதான். பழைய எண்ணுக்கு வரும் வரவை வங்கி புதிய எண்ணோடு இணைத்துவிடும், ஓரிரு நாள் கூடலாம்.

கணக்கையே மூடிவிட்டிருந்தால்தான் சிரமம். வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யும்: வரவை ஏற்று உள்கணக்கில் வைத்துவிட்டு உங்களைத் தொடர்புகொள்ளும், அல்லது மறுத்துத் திருப்பி அனுப்பும். திருப்பினால் அது வந்த வழியே கடையின் வங்கிக்குப் போய், கடையின் பக்கத்தில் 'தோல்வி' என்று தெரிய வாரங்கள் ஆகலாம். முதலில் பழைய வங்கியில் ARN கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் மறுத்துவிட்டோம் என்று எழுத்தில் சொன்னால், அதைக் காட்டிக் கடையிடம் வேறு வழியில் கேட்கலாம்.

"இவ்வளவு சுற்றுவதற்கு என் வங்கிக் கணக்குக்கே போட்டுவிடலாமே" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் கடை மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. செலுத்திய கார்டுக்கே திருப்ப வேண்டும் என்பது நெட்வொர்க்குகளின் பொது விதி. திருட்டுக் கார்டில் வாங்கி, ரீஃபண்டைத் தன் கணக்கில் பெற்றுக்கொண்டால் அது திருடனுக்குக் கிடைத்த ரொக்கம். பிறகு கார்டின் உண்மையான உரிமையாளர் வங்கியில் முறையிட்டால் கடை அதே தொகையை இரண்டாம் முறை கட்ட வேண்டும்.

## அறிகுறி 6: ரீஃபண்ட் வந்தும் கிரெடிட் கார்டில் கட்டச் சொல்கிறார்கள்

ஸ்டேட்மெண்ட் வந்த பிறகு வரும் ரீஃபண்ட், அடுத்த ஸ்டேட்மெண்டின் கணக்கில் சேரும். இந்த மாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கட்டியதாகப் பல வங்கிகள் அதை எடுத்துக்கொள்ளாது. 2,400 வரவு வந்துவிட்டது, அதனால் 2,400 குறைத்துக் கட்டுகிறேன் என்று நீங்களாகக் கழித்துக்கொண்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் விழ வாய்ப்புண்டு. ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையை முழுதும் கட்டிவிடுங்கள். கூடுதலாகக் கட்டியது கார்டில் வரவு இருப்பாக நிற்கும், அடுத்த செலவில் கழியும். வேண்டுமானால் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

## கடை பதிலே சொல்லவில்லை என்றால்

அப்போதுதான் சார்ஜ்பேக். உங்கள் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, பணத்தைக் கடையின் வங்கியிடமிருந்து திரும்பப் பெறும் வழி. ரீஃபண்ட் தருவதாகச் சொல்லித் தராமல் இருப்பதற்கென்றே விசாவில் தனிக் காரணக் குறியீடு இருக்கிறது: 13.6. அதில் ரீஃபண்ட் ரசீதின் தேதியிலிருந்து 15 நாள் காத்திருந்துவிட்டே தொடங்க வேண்டும், பொதுவான கால எல்லை 120 நாள். உங்கள் வங்கி தன் வாடிக்கையாளருக்கு வைக்கும் கெடு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், அதனால் கடையோடு மாதக்கணக்கில் மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

அதே சமயம் முந்தவும் வேண்டாம். ARN கையில் இருக்கிறது, தேதியும் புதிது என்ற நிலையில் சார்ஜ்பேக் போட்டால், ரீஃபண்டும் வரும், தற்காலிக வரவும் வரும். கடை ரீஃபண்ட் ஆதாரத்தைக் காட்டியதும் வங்கி ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் அந்தப் பணத்தைச் செலவு செய்திருந்தால் டெபிட் கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும். சார்ஜ்பேக் போட்ட பிறகு ரீஃபண்ட் வந்துவிட்டால், அன்றே வங்கிக்குச் சொல்லி முறையீட்டைத் திரும்பப் பெறுங்கள். முறையிடும்போது இணைக்க வேண்டியவை: கடை ரீஃபண்ட் தருவதாக ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், பொருள் கிடங்கில் சேர்ந்ததைக் காட்டும் கூரியர் பதிவு, ARN கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம், அதற்குப் பதில் வந்திருந்தால் அதுவும்.